வால்வை நீக்கிய பிறகும் சிறுநீர்ப்பை: பி.யூ.வி. உள்ள ஆண் குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“பையனுக்கு ஒண்ணுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. இது பி.யூ.வி.யாக இருக்குமா?”

இருக்கலாம். சிறுநீர் வெளியேறும் பாதையைப் பிறவியிலேயே ஒரு சவ்வு மடிப்பு மறிப்பதைத்தான் பி.யூ.வி. என்கிறோம். சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. பிறந்த ஆண் குழந்தையின் துணியை அவிழ்த்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால், குளிர்ந்த காற்று பட்டதும் அது பெரும்பாலும் சிறுநீர் கழித்துவிடும். அப்போது தாரை வளைவாக எழும்பித் தள்ளிப் போய் விழ வேண்டும். முனையிலிருந்து வழிந்து தொடையை நனைப்பது, விட்டுவிட்டு வருவது, முகம் சிவக்கக் குழந்தை முக்குவது, கழித்து முடித்த பிறகும் தொப்புளுக்குக் கீழே உருண்டையாகக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுவது ஆகியவை அடைப்புக்கான அடையாளங்கள். இவற்றைக் கைபேசியில் அரை நிமிடம் படம்பிடித்துக் கொண்டு வந்தால், வெளிநோயாளர் பிரிவில் வாயால் சொல்வதைவிட அது எங்களுக்கு அதிகம் உதவும்.

இதில் இரண்டு இடங்களில் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. துணி அடிக்கடி நனைவதால் சிறுநீர் நன்றாகப் போகிறது என்று நினைப்பது முதலாவது. நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையும் துணியை நனைக்கும். தாரை ஓரளவு நன்றாக இருப்பதால் பி.யூ.வி. இல்லை என்று முடிவு செய்வது இரண்டாவது. தடித்துப்போன சிறுநீர்ப்பை அடைப்பை மீறித் தள்ளும் வலிமையோடு இருக்கும் காலத்தில் தாரை பார்வைக்குச் சரியாகவே தெரியும். மறுபக்கம், மெலிந்த தாரைக்கு முன்தோல் இறுக்கம் போன்ற எளிய காரணங்களும் உண்டு. ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். பால் குடிக்க மறுத்தல், வாந்தி, எடை ஏறாமை, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் கூடவே இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

“வால்வு என்றால் என்ன? ஆண் குழந்தைக்கு மட்டும் ஏன் வருகிறது?”

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதைக்குச் சிறுநீர்த்தாரை என்று பெயர். ஆண்களில் அதன் தொடக்கப் பகுதி புராஸ்டேட் சுரப்பிக்குள் செல்கிறது. அந்த இடத்தில் பாய்மரத் துணிபோல விரிந்து வழியை மறிக்கும் மெல்லிய சவ்வு மடிப்பைத்தான் வால்வு என்கிறோம். பெண்களுக்கு இப்பகுதியே இல்லாததால் இந்நோயும் இல்லை. சுமார் 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. கருவுற்றிருந்தபோது தாய் சாப்பிட்டதாலோ செய்ததாலோ இது வருவதில்லை. இந்தக் குற்ற உணர்வோடு வரும் தாய்மார்கள் பலர் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

“ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். வயிற்றில் இருக்கும்போதே சரிசெய்ய முடியாதா?”

கருவின் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்குச் சிறுநீரை வடியவிடும் நுண்குழாய் ஒன்றைப் பொருத்தும் முறை உண்டு. பனிக்குட நீர் மிகவும் குறைந்து நுரையீரல் வளர்ச்சி தடைபடும் நிலையில், சில பெரிய மையங்களில் மட்டும் இதைச் செய்கிறார்கள். அதன் பலனை அறிய நடந்த புளூட்டோ என்ற பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 2013-இல் வெளிவந்தது. ஆய்வில் சேர்ந்தவர்கள் 31 பேர் மட்டுமே என்பதால் உறுதியான விடை கிடைக்கவில்லை. பிழைத்த குழந்தைகளிலும் சிறுநீரகம் இயல்பாக இருந்தவர்கள் மிகச் சிலரே. பனிக்குட நீர் போதுமான அளவு இருந்தால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டே வந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவும் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடுவதே சரியான வழி.

“பிறந்தவுடனே ஆபரேஷன் செய்துவிடுவார்களா?”

இல்லை, முதலில் டியூப் போடுவார்கள். ஒரு குழந்தையின் கதையை இந்தப் பக்கம் முழுவதும் தொடர்ந்து சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கர்ப்பகாலத்தில் ஸ்கேன் சரிவர எடுக்கப்படாத அந்தக் குழந்தை, பிறந்த பன்னிரண்டாம் நாள் வாந்தியோடும் சோர்வோடும் வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 3.1, பொட்டாசியம் 6.4, அமிலத்தன்மையும் கூடியிருந்தது. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. பால் புகட்டப் பயன்படும் மெல்லிய ஃபீடிங் டியூப் ஒன்றைச் சிறுநீர்த்தாரை வழியே பைக்குள் செலுத்தி ஒட்டிவிட்டார்கள். நுனியில் பலூன் உள்ள கதீட்டரை இங்கே தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. தடித்துச் சுருங்கிய பைக்குள் அந்தப் பலூன் இருந்தால் பை அதை இறுக்கிப் பிடிக்கும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களின் வாயும் அதில் அடைபட்டுப் போகக்கூடும்.

அடைப்பு விலகியதும் சிறுநீர் வெள்ளமாகப் பெருகியது. அதைக் கண்டு குடும்பத்தார் மகிழ்ந்தார்கள். உண்மையில் கவனம் மிகவும் தேவைப்பட்ட நேரம் அதுதான். நெடுநாள் அழுத்தத்தில் இருந்த சிறுநீரகத்துக்கு நீரையும் உப்பையும் பிடித்துவைக்கத் தெரியாது; வெளியேறுவதை மணிக்கு மணி அளந்து, அதற்கு ஈடாக நரம்பு வழியே திரவம் ஏற்றாவிட்டால் குழந்தை வறண்டுவிடும். டியூப் போட்ட ஏழாம் நாள் கிரியாட்டினின் 1.5-க்கு இறங்கியது. அதன் பிறகே எம்.சி.யு. என்ற எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. பைக்குள் மருந்தை நிரப்பி, குழந்தை அதைக் கழிக்கும்போது எடுக்கும் படம் இது. வால்வுக்கு மேலே சிறுநீர்த்தாரை பலூன்போல உப்பியும், கீழே திடீரென ஒடுங்கியும் தெரிந்தது. பையின் உட்சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தது. நோய் உறுதியானது.

“வால்வை எப்படி எடுக்கிறார்கள்? மறுபடியும் வளருமா?”

பென்சிலைவிட மெல்லிய சிஸ்டாஸ்கோப் கருவியைச் சிறுநீர்த்தாரைக்குள் செலுத்தி, மடிப்பைக் கண்ணால் பார்த்து, சிறு கத்தியாலோ மின்சூட்டாலோ லேசராலோ வெட்டிவிடுகிறார்கள். வெளியே தையல் இருக்காது. கருவி நுழைய முடியாத அளவுக்குக் குழந்தை சிறியதாக இருந்தால், தொப்புளுக்குக் கீழே பையைத் தோலோடு இணைத்து ஒரு திறப்பு வைத்துச் சிறுநீரை வடியவிடுவார்கள். குழந்தை வளர்ந்த பிறகு வால்வை நீக்கித் திறப்பை மூடிவிடலாம்.

வால்வு திரும்ப வளர்வதில்லை. ஆனால் முதல்முறை முழுமையாக வெட்டப்படாமல் மிச்சம் நிற்பதுண்டு. ஆழமாக வெட்டினால் அருகிலுள்ள கட்டுப்பாட்டுத் தசை பாதிக்கப்படும் என்பதால் அறுவை மருத்துவர் அளவோடுதான் வெட்டுவார். ஆகவே சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் எம்.சி.யு. எடுத்தோ கருவியால் பார்த்தோ உறுதிசெய்துகொள்ள வேண்டும். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறான் என்று இந்த இரண்டாம் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு.

“ஒரு வயதில் கிரியாட்டினின் 0.9. ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது. பயமில்லைதானே?”

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 0.6–1.2 என்ற எல்லை பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு உரியது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஒரு வயதுக் குழந்தைக்குத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் நலமாக இருந்தால் அந்த அளவு 0.2 முதல் 0.4 வரைதான் இருக்கும். 0.9 என்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

குழந்தையின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது: 0.413 × உயரம் (செ.மீ.) ÷ கிரியாட்டினின். நமது குழந்தைக்கு முதல் பிறந்தநாளில் உயரம் 73 செ.மீ., கிரியாட்டினின் 0.9, விடை 33.5. இரண்டு வயதுக்கு மேல் இயல்பான அளவு 90-க்கு மேல் இருக்கும். ஆறு வயதில் அவன் உயரம் 110 செ.மீ., கிரியாட்டினின் 1.1. எண் கூடிவிட்டதே என்று தாய் அழுதார். கணக்கிட்டால் 41.3 வந்தது. அவன் வளர்ந்ததால் எண் கூடியதே தவிர, சிறுநீரகத்தின் வேலை குறையவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் உயரத்தையும் அளந்து, இரண்டையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதிவைக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடைப்பு நீங்கியபின் முதல் ஓராண்டுக்குள் கிரியாட்டினின் எட்டும் மிகக் குறைந்த அளவே எதிர்காலத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லும் எண். பொதுவாக அது 0.8-க்குக் கீழே இறங்கினால் நம்பிக்கை அதிகம், 1.0-க்கு மேலேயே நின்றுவிட்டால், பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு கணிசமானது. இடைப்பட்ட நிலையில் இருக்கும் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையை எப்படிக் கவனிக்கிறோம் என்பது மிக முக்கியமாகிறது.

“வால்வை எடுத்தாயிற்று, தாரையும் நன்றாக வருகிறது. அப்புறமும் ஏன் சிறுநீரகம் வீங்கியே இருக்கிறது?”

இந்நோயில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருவில் சிறுநீர் உருவாகத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பை அடைப்பை எதிர்த்துத் தள்ளியே வளர்ந்திருக்கிறது. அதனால் சுவர் தடித்து, நார்த்திசு பெருகி, இளகி விரியும் தன்மையை இழந்திருக்கிறது. வால்வை வெட்ட அரை மணி நேரம் போதும். மாதக்கணக்கில் உருவான இந்த இறுக்கம் அதோடு போய்விடாது.

பையின் குணம் வயதோடு மாறவும் செய்கிறது. கைக்குழந்தைப் பருவத்தில் அது சிறியதாகவும், அடிக்கடி தானே சுருங்குவதாகவும், உள்ளழுத்தம் மிகுந்ததாகவும் இருக்கும்; இதைத் தணிக்க ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்து கொடுப்போம். பள்ளி வயதில் பலருக்குப் பை பெரிதாகிறது. விடலைப் பருவத்தை நெருங்கும்போது சிலருக்கு அது தொய்ந்துபோய், முழுவதும் காலியாக்கும் வலிமையை இழக்கிறது. அந்தக் கட்டத்திலும் ஆக்ஸிபியூட்டினினைத் தொடர்ந்தால் தேக்கம் கூடும். ஒரு வயதில் எழுதிக்கொடுத்த மருந்தைக் கேட்காமலேயே எட்டு வயது வரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பது கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இதனோடு சிறுநீரகத்தின் பங்கும் சேர்கிறது. பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாது. வெளிறிய நீராக ஏராளமாக வெளியேற்றும். நமது சிறுவனுக்கு ஆறு வயதில் ஒரு நாள் முழுதும் சிறுநீரைச் சேர்த்து அளந்தபோது 2.2 லிட்டர் இருந்தது. மணிக்குச் சுமார் 90 மி.லி. அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் பையின் கொள்ளளவை வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கி அறியலாம்: 210 மி.லி. அவன் பை ஏறத்தாழ அவ்வளவு பிடித்தது. ஆனால் கழித்து முடித்த பிறகு ஸ்கேனில் பார்த்தால் 110 மி.லி. உள்ளேயே தங்கியிருந்தது. ஆக உண்மையில் காலியாக இருந்த இடம் 100 மி.லி. மட்டுமே, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனாலே அது நிரம்பிவிடும்! இரவு ஒன்பது மணி நேரம் தூங்கும்போது 800 மி.லி.க்கு மேல் உற்பத்தியாகும் சிறுநீர் எங்கே போகும்? கொஞ்சம் படுக்கையில் வழிந்தது. மீதி மேலே சிறுநீரகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. எங்கும் புதிய அடைப்பு இல்லாமலேயே சிறுநீரகம் வீங்கியிருந்ததற்கு விளக்கம் இதுவே. அதிகச் சிறுநீர், இறுக்கமான பை, தேங்கும் மீதி ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த நிலைக்கு வால்வ் பிளாடர் என்று பெயர்.

முதலில் அவனைப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் போகச் சொன்னோம். ஒருமுறை கழித்துச் சில நிமிடம் நின்று மீண்டும் ஒருமுறை முயலவும் பழக்கினோம். மீதி 110-லிருந்து 70-க்கு இறங்கியது, வீக்கம் குறையவில்லை. அடுத்து இரவு முழுவதும் சிறுநீரை டியூப் வழியாக உடலுக்கு வெளியே உள்ள ஒரு பையில் வடியவிட முடிவாயிற்று. உணர்ச்சி இயல்பாக உள்ள சிறுவன் தினமும் சிறுநீர்த்தாரை வழியே டியூப் போட ஒத்துக்கொள்வது கடினம், அவனும் மறுத்தான். குடல்வாலைக் கொண்டு பைக்கும் தொப்புளுக்கும் இடையே மெல்லிய வழி ஒன்றை அமைக்கும் மிட்ரோஃபனாஃப் அறுவை செய்யப்பட்டது. தொப்புள் வழியே வலியின்றி டியூபைச் செலுத்தித் தூங்கினான். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வீக்கம் பாதியாகக் குறைந்திருந்தது.

“ஏழு வயதாகியும் படுக்கையை நனைக்கிறான். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரை நிறுத்திவிடலாமா?”

நிறுத்தக் கூடாது. மற்றக் குழந்தைகளுக்குச் சொல்லும் இந்த யோசனை இங்கே தீங்காகும். செறிவாக்க முடியாத சிறுநீரகம், நீர் குடிக்காவிட்டாலும் நீரை வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். காலையில் குழந்தை வறண்டு, கிரியாட்டினின் ஏறியிருக்கும். வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே காரணத்தால் சீக்கிரமே மருத்துவமனைக்கு வர வேண்டும். சிறுநீர் நிறைய போகிறது, வறட்சி இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அடித்தோ வெட்கப்படுத்தியோ நனைப்பதை நிறுத்த முடியாது. அவனுடைய பை நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான். வகுப்பு நடக்கும்போதும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்டு ஆசிரியருக்கு நாங்களே கடிதம் தருகிறோம்.

“காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கும் மருந்தைக் கொடுக்கலாமா?”

பாராசிட்டமால் கொடுக்கலாம். நம் ஊர் மருந்துக் கடைகளில் குழந்தைக் காய்ச்சலுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் மெஃபெனமிக் அமிலமும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். பல சிரப்புகளில் இவை பாராசிட்டமாலோடு கலந்தே வருவதால் அட்டைப்பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்றே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொற்றும் சிறுநீரகத்தில் தழும்பை விட்டுச் செல்லக்கூடும். முன்தோலை நீக்குவது இக்குழந்தைகளில் தொற்றை வெகுவாகக் குறைப்பதாகப் பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. குடும்ப வழக்கத்தில் இல்லாததால் தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே அது சடங்காக அல்ல, சிகிச்சையாகவே சொல்லப்படுகிறது.

“பெரியவன் ஆகும்வரை சிறுநீரகம் தாங்குமா?”

பெரும்பாலானோருக்குத் தாங்குகிறது, எல்லோருக்கும் அல்ல. பின்லாந்தில் ஏறக்குறைய 200 ஆண்களைச் சராசரியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தபோது, நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் நிலையை அடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்நிலையை 17 வயதுக்கு முன்பே எட்டினாலும், சிலர் அதற்குப் பின்னரும் எட்டினார்கள். கருவிலேயே சரியாக உருவாகாமல் போன சிறுநீரகத் திசுவை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. மிச்சமிருப்பதைக் காப்பதே நம்மால் முடிந்தது.

ஆபத்தான கட்டம் பூப்புப் பருவம். உடல் வேகமாக வளர, சிறுநீரகம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. நமது சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதில் உயரம் 140 செ.மீ., கிரியாட்டினின் 1.5, கணக்கில் 38.5. ஆறு வயதிலிருந்து இதுவே முதல் இறக்கம். ஒவ்வொரு வருகையிலும் பார்க்கும் எண்களில் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் எனக்கு முதன்மையானவை. புரதம் கசியத் தொடங்கினால் சிறுநீரகம் மேலும் இறங்கப் போகிறது என்று பொருள். இரத்த அழுத்தத்தை நன்றாகக் கட்டுக்குள் வைத்தால் குழந்தைகளில் சிறுநீரக இறக்கம் தாமதமாகும் என்பதை எஸ்கேப் என்ற ஐரோப்பிய ஆய்வு 2009-இல் நிறுவியது. அதில் பயன்படுத்திய ராமிப்ரில் வகை மருந்தைத்தான் அவனுக்கும் தொடங்கினோம். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் அம்மருந்தை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று உடனே கேட்டுக்கொள்ள வேண்டும்.

“மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிட்டால் பழைய பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?”

புதிய சிறுநீரகமும் அதே பையில்தான் சிறுநீரை இறக்கப் போகிறது. ஆகவே மாற்றுவதற்கு முன்பே யூரோடைனமிக் பரிசோதனையில் பையின் அழுத்தத்தை அளந்து, தேவையானால் மருந்தாலும் டியூபாலும் அதைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தவர்களிடம் மாற்றுச் சிறுநீரகம் மற்றவர்களுக்குப் போலவே நன்றாக உழைக்கிறது. டியூப் போடுவதை அறுவைக்குப் பின் தானாக நிறுத்திவிடுபவர்களே அதை இழக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள்.

“பிற்காலத்தில் கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்குமா?”

நடக்கும். பி.யூ.வி. இருந்த ஆண்களில் பெரும்பாலோர் தந்தையாகிறார்கள். சிலருக்கு விந்து மெதுவாக வெளியேறலாம். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதனாலேயே கருத்தரிப்புத் திறன் குறையலாம். இதைப் பதினாறு, பதினேழு வயதில் பையனிடமே தனியாகப் பேசுகிறோம். அந்த வயதில்தான் அவனைப் பெரியவர்களுக்கான சிறுநீரகப் பிரிவுக்கு மாற்றும் ஏற்பாடும் தொடங்குகிறது. முதல் எம்.சி.யு. படம், உயரமும் கிரியாட்டினினும் எழுதிய நோட்டு, பையில் கடைசியாக அளந்த மீதி, இரவில் டியூப் போடுகிறானா என்ற குறிப்பு ஆகிய நான்கும் அவன் கையிலேயே இருக்க வேண்டும். புதிய மருத்துவர் அவற்றைக் கொண்டுதான் அவனுடைய சிறுநீர்ப்பையைப் பற்றித் தெரிந்துகொள்வார்.